உஷார்! கேரளா கரண்ட் பில்லை போட்டோவில் மட்டும் பார்க்கிறீர்களா?

கொச்சியிலோ பாலக்காட்டிலோ திருவனந்தபுரத்திலோ வாடகை வீட்டில் இருக்கும் நம்ம பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். அவர்களை அங்கே அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் அப்பா அம்மாவும் படியுங்கள்.

வீட்டு ஓனர் வாட்ஸ்அப்பில் கரண்ட் பில்லை போட்டோ எடுத்து அனுப்புவார். பில்லில் மலையாளம் இருக்கும், பாதி எழுத்து மங்கி இருக்கும். நீங்கள் போனில் இருக்கும் மொழிபெயர்ப்புச் செயலியை அதன்மேல் காட்டுவீர்கள். தமிழில் ஏதோ வரும். மொத்தத் தொகையைப் பார்ப்பீர்கள், "இவ்வளவா?" என்று திடுக்கிடுவீர்கள், அதோடு விட்டுவிடுவீர்கள்.

விடாதீர்கள். அந்தத் துண்டுச் சீட்டில் ஒரு எண்ணைத் தப்பாகப் படித்தால் வீடு இருட்டாகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். கோவைப் பக்கம். காக்கநாட்டில் வேலை, வாடகை வீடு. கூடவே மாமியார், அவருக்கு இன்சுலின். இரண்டு மாதத்துக்கான பில் போட்டோவாக வந்தது. முந்தைய ரீடிங் 14,216. இப்போதைய ரீடிங் 14,724. ஓடியது 508 யூனிட். மின் கட்டணம் மட்டும் மூவாயிரத்து நானூறுக்கு மேல். இணையத்தில் கட்டண அட்டவணையைத் தேடி எடுத்து இந்தப் பெண்ணே கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்தான் வந்தது. சந்தேகம் தட்டியது. செயலியில் காட்டினால் 'சர்சார்ஜ்' என்ற இடத்தில் அபராதம் என்று வந்தது. மீட்டர் வாடகை வெறும் 'வாடகை' என்று வந்தது. "வீட்டு வாடகையையே கரண்ட் பில்லில் சேர்க்கிறார்களா?" என்று ஓனரம்மாவிடம் சண்டை. "மோளே, அது அங்ஙனெயல்ல" என்று அவர் சொன்னது இவளுக்கு ஏறவில்லை. பணம் கட்டாமல் வைத்திருந்தாள். பில்லில் இரண்டு தேதி இருந்தது. பிந்திய தேதி வரை அவகாசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பிந்திய தேதி, இணைப்பைத் துண்டிக்கும் தேதி.

ஆபீஸில் இருக்கும்போது மாமியார் போன் செய்தார். ஃபேன் ஓடவில்லை, ஃபிரிட்ஜ் ஓடவில்லை, உள்ளே இன்சுலின். பணத்தைக் கட்டி, சொல்லி, மறுபடி இணைப்பு வருவதற்குள் மாலை ஆகிவிட்டது. மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பில் சரி. இவள் படித்ததுதான் தப்பு. எப்படி என்று நிதானமாகச் சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்கும் இது வரும்.

முதல் ஆபத்து: 250 என்ற கோடு

தமிழ்நாட்டுப் பழக்கத்தில் நாம் நினைப்பது என்ன? முதல் 100 யூனிட் இலவசம், அடுத்தது படிப்படியாக ஏறும், மேல் படிக்குப் போனாலும் கீழ்ப் படியின் விலை பெரும்பாலும் கையில் நிற்கும். கேரளாவில் இந்த நினைப்போடு பில்லைத் தொடாதீர்கள்.

அங்கே வீட்டு இணைப்புக்கு இரண்டு கணக்கு. மாதம் 250 யூனிட் வரை ஒரு முறை. அதை அங்கே டெலிஸ்கோபிக் என்பார்கள். ஒவ்வொரு 50 யூனிட்டுக்கும் தனித்தனி விலை. கேரள மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த விலை இது: முதல் 50 யூனிட்டுக்கு யூனிட் 3.35 ரூபாய், அடுத்த 50-க்கு 4.25, அடுத்த 50-க்கு 5.35, அதற்கடுத்து 7.20, கடைசி 50-க்கு 8.50. ஆக 250 யூனிட்டுக்கு மொத்தம் 1,432 ரூபாய் 50 காசு. இரண்டு மாத பில் என்றால் 500 யூனிட்டுக்கு 2,865 ரூபாய்.

இப்போது கவனியுங்கள். மாதம் 250-ஐத் தாண்டினால் படிக்கட்டே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை ஒரே விலை. 300 வரை என்றால் எல்லா யூனிட்டுக்கும் 6.75. 350 வரை 7.60. 400 வரை 7.95. 500 வரை 8.25. அதற்கும் மேலே போனால் 9.20. முதல் 50 யூனிட்டுக்கு இருந்த அந்த 3.35 ரூபாய் விலை போயே போய்விடும்.

காக்கநாட்டுப் பெண்ணின் கணக்குக்கு வருவோம். 508-ஐ இரண்டால் வகுத்தால் மாதம் 254. கோட்டைத் தாண்டிவிட்டது. ஆகவே 508-ஐ 6.75-ஆல் பெருக்க வேண்டும். 3,429 ரூபாய். அவள் என்ன செய்தாள்? 500 யூனிட்டுக்கு 2,865 போட்டு, மிச்சம் எட்டு யூனிட்டை 8.50 என்று சேர்த்து 2,933 என்றாள். அங்கேதான் சறுக்கியது.

500-க்கு மேல் எட்டே எட்டு யூனிட். 564 ரூபாய் அதிகம். அதன் மேல் தீர்வையும் ஏறும்.

எட்டு யூனிட் என்றால் என்ன தெரியுமா? 2,000 வாட் கீசரை எட்டு நாள், நாளுக்கு அரை மணி நேரம் போட்டால் எட்டு யூனிட். இரண்டு மாதத்தில் அது கண்ணுக்கே தெரியாது.

கோடு 250-இல் மட்டும் இல்லை. மாதம் 300-இலும் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 600 யூனிட் என்றால் 4,050 ரூபாய். 602 யூனிட் என்றால் 4,575 ரூபாய் 20 காசு. இரண்டு யூனிட்டுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஏசி வைத்திருக்கும் வீடுகள் ஏப்ரல், மே மாதத்தில் இங்கேதான் விழுகின்றன.

இன்னொன்று. 250-ஐத் தாண்டும் வீடுகளுக்கு நேரவாரியான கணக்கும் உண்டு. காலை 6 முதல் மாலை 6 வரை ஓடும் மின்சாரத்துக்கு விலை 10 சதவீதம் குறையும். மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் ஏறும். இரவு 10-க்கு மேல் சாதா விலை. நான் மேலே போட்டது இந்தக் கூட்டல் கழித்தல் இல்லாத அடிப்படைக் கணக்கு. பில்லில் மூன்று வரியாக யூனிட் பிரிந்து வந்தால் பயப்படாதீர்கள், மூன்றையும் கூட்டினால் மொத்த யூனிட் வர வேண்டும். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஆபீஸ் முடிந்து வந்து ஏழு மணிக்கு வாஷிங் மெஷின், அயர்ன், கீசர் மூன்றையும் போடுகிற வீட்டுக்குத்தான் அடி அதிகம்.

இரண்டாவது ஆபத்து: போட்டோ

மீட்டர் ரீடிங் எடுக்க வருபவர் கையிலேயே அச்சடித்துக் கொடுக்கும் சீட்டு அது. சூடு பட்டால் மங்கும் காகிதம். ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்தால் போச்சு. மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு இலக்கமே காணாமல் போகும். 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். காசுப் புள்ளி மறைந்தால் மூவாயிரம் மூன்று லட்சமாகும்.

செயலி இதையெல்லாம் உங்களிடம் சொல்லாது. தெரியாத இலக்கத்துக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுத் தைரியமாகக் காட்டும்.

அதனால் மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள், கழித்தலை நம்புங்கள். இப்போதைய ரீடிங்கிலிருந்து முந்தைய ரீடிங்கைக் கழியுங்கள். பில்லில் உள்ள யூனிட் வர வேண்டும். வரவில்லையா? ஏதோ ஒரு இலக்கம் தப்பாக விழுந்திருக்கிறது. உடனே நல்ல வெளிச்சத்தில், சீட்டைத் தட்டையாக வைத்து, நான்கு மூலையும் தெரிகிற மாதிரி மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகும் இடித்தால் மீட்டரை நேரில் போய்ப் பாருங்கள். மீட்டர் திரையில் எண்கள் மாறி மாறி வரும். kWh என்று பக்கத்தில் எழுதியிருக்கும் எண்தான் உங்கள் ரீடிங். மற்றவை வேறு அளவுகள்.

மங்கலான போட்டோவில் இன்னொரு குழி இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பில்லில் கட்டண வகை என்று ஒரு குறி இருக்கும். வீட்டு இணைப்புக்கு LT-1A. கடை, ஆபீஸ் போன்ற வணிக இணைப்புக்கு LT-7A. 1-ம் 7-ம் மங்கலில் ஒன்றுதான்! கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறீர்களா? ஓனர் கடைக்கான இணைப்பிலிருந்தே உங்களுக்கும் இழுத்துக் கொடுத்திருந்தால் வணிக விலையில் நீங்கள் வீட்டு விளக்கு எரிக்கிறீர்கள். அந்த விலை அதிகம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் பழைய பில் ஒன்றை வாங்கி இந்தக் குறியைப் பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

போட்டோ பாதி வெட்டப்பட்டு வந்தாலும் உஷார். கீழ்ப்பகுதி தொகை மட்டும் தெரிகிறது, மேலே ரீடிங் இல்லை என்றால் முழு பில்லையும் கேளுங்கள். ஒரே மீட்டரில் ஓனர் வீடும் உங்கள் போர்ஷனும் ஓடலாம். இரண்டு மாதத்தில் அவர்கள் 300, நீங்கள் 208 ஓட்டினால் தனித்தனியாக இருவருமே கோட்டுக்குக் கீழே. சேர்ந்தால் 508. அந்த அதிகத் தொகை உங்கள் தலையிலும் விடியும். தனி மீட்டர் இருக்கிறதா என்பதை வீடு பார்க்கும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும், அப்புறம் கேட்டுப் பயனில்லை.

மூன்றாவது ஆபத்து: நம்ம சொல் மாதிரியே இருக்கும் சொல்

மலையாளம் நமக்குப் பாதி புரியும். அதுதான் ஆபத்து.

'பிழ' என்று வந்தால் நம் காதில் பிழை, அதாவது தவறு என்று விழும். அங்கே அது அபராதம். 'பிழ கூடாதெ' என்றால் அபராதம் இல்லாமல் என்று பொருள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் தேதிதான் நீங்கள் பணம் கட்ட வேண்டிய தேதி. 'விச்சேதிக்கும்' என்று பக்கத்தில் இருந்தால் அது ஃபியூஸைப் பிடுங்கும் தேதி. இரண்டையும் மாற்றிப் படித்ததால்தான் அந்த வீட்டில் விளக்கு அணைந்தது.

'குடிஸ்ஸிக' என்றால் பழைய பாக்கி. வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த முதல் பில்லிலேயே இந்தச் சொல் தெரிகிறதா? முன்னால் இருந்தவர் கட்டாமல் போன பணம் அது. ஓனரிடம் பேசுங்கள், வாய்மூடிக் கட்டிவிடாதீர்கள்.

'தீருவ' என்பது மின் தீர்வை, அரசுக்குப் போகும் வரி. வீட்டு இணைப்புக்கு மின் கட்டணத்தில் 10 சதவீதம். 3,429-க்கு 342 ரூபாய் 90 காசு. மின் கட்டணம் ஏறினால் இதுவும் சேர்ந்து ஏறும், அதைத்தான் முன்பே சொன்னேன். நிலைக்கட்டணமும் அப்படியே, யூனிட் எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கேற்ப மாதக் கட்டணம் கூடும். மீட்டர் வாடகை சில்லறைக் காசுதான்.

இனி சர்சார்ஜ். இது அபராதம் இல்லை, நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. மின்வாரியம் வெளியிலிருந்து மின்சாரம் வாங்கும்போது, முன்பே அனுமதித்த விலையைவிட அதிகம் கொடுக்க நேர்ந்தால் அந்த வித்தியாசத்தை யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று வசூலிக்கிறார்கள். அதுதான் எரிபொருள் சர்சார்ஜ். மாதத்துக்கு மாதம் மாறும். யூனிட்டுக்கு 10 பைசா என்று வைத்துக்கொண்டால் 508 யூனிட்டுக்கு 50 ரூபாய் 80 காசு. உங்கள் பில்லில் யூனிட்டை அந்தந்த மாத பைசாவால் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ அந்தத் தொகை வர வேண்டும். அதைவிடப் பல மடங்கு வந்தால் அது சர்சார்ஜ் இல்லை. வேறு ஏதோ தொகையைச் செயலி சர்சார்ஜ் என்று காட்டியிருக்கிறது.

அந்த வேறு தொகை பெரும்பாலும் கூடுதல் வைப்புத்தொகையாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, முந்தைய ஆண்டு நீங்கள் ஓட்டியதைப் பார்த்து, வாரியத்திடம் இருக்கும் காப்புத்தொகை போதாது என்றால் மேற்கொண்டு கேட்பார்கள். ஆயிரக்கணக்கில் வரலாம். இது செலவு இல்லை, டெபாசிட். இணைப்பு ஓனர் பெயரில் இருந்தால் டெபாசிட்டும் ஓனர் பெயரில்தான் போய்ச் சேரும். வீட்டைக் காலி செய்யும்போது அது உங்களுக்குத் தானாக வராது! கட்டச் சொன்னால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வாடகை முன்பணத்தோடு சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகள் இதை கரண்ட் பில் என்று நினைத்துக் கட்டிவிட்டு, ஊரைவிட்டே வந்துவிடுகிறார்கள்!

நான்காவது ஆபத்து: "யாருக்காவது மலையாளம் தெரியுமா?"

இதைப் படிக்கும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் பில் புரியாமல் செய்த இன்னொரு காரியம், முழு போட்டோவையும் நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டது. "யாராவது தமிழில் சொல்லுங்களேன்" என்று.

பெயர், முகவரி, 13 இலக்க நுகர்வோர் எண், பாக்கித் தொகை, கடைசித் தேதி. எல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது. அவளுடைய போன் எண் குழுவில் இருக்கிறது.

மறுநாள் ஒரு போன். நல்ல தமிழ். "அக்கா, இபி ஆபீஸ்ல இருந்து பேசறோம். உங்க பாக்கி இவ்வளவு. சிஸ்டத்துல அப்டேட் ஆகல. ராத்திரி ஒன்பதரைக்கு கட் பண்ணிடுவாங்க. நான் ஒரு லிங்க் அனுப்பறேன், பத்து ரூபா மட்டும் கட்டுங்க, சரியாயிடும்." பாக்கித் தொகை காசு சுத்தமாகச் சரியாக இருந்தது. நம்பாமல் என்ன செய்வாள்? லிங்க்கை அழுத்தியதும் ஒரு ஆப்பை இறக்கச் சொன்னது. நல்ல வேளை, கணவர் பக்கத்தில் இருந்தார். போனைப் பிடுங்கி அணைத்துவிட்டார்.

அந்த ஆப் இறங்கியிருந்தால் போன் திரை அவன் கைக்குப் போயிருக்கும். வங்கி ஓடிபி வரும்போது அவனும் பார்ப்பான். பத்து ரூபாய் வெறும் தூண்டில்.

இந்த ராத்திரி ஒன்பதரை மோசடி இந்தியா முழுக்க நடந்துகொண்டிருக்கிறது. மின்வாரியம் எதுவும் தனிநபர் எண்ணிலிருந்து கூப்பிட்டு ஆப் இறக்கச் சொல்லாது. சொன்னால் பேச்சை வெட்டுங்கள். கேரள மின்வாரியத்தின் 1912-க்கு நீங்களே போன் செய்து பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் 1930, அது இணையக் குற்றப் புகார் எண்.

மொழி தெரியவில்லையா, கேட்டே ஆக வேண்டுமா? பெயர், முகவரி, நுகர்வோர் எண் மூன்றையும் மறைத்துவிட்டு ரீடிங்கும் தொகைகளும் உள்ள பகுதியை மட்டும், தெரிந்த ஒருவருக்குத் தனியாக அனுப்புங்கள். அதைவிட நல்லது, உங்கள் பகுதி செக்ஷன் ஆபீஸுக்குச் சீட்டோடு நேரில் போவது. தமிழில் மெதுவாகப் பேசினால் பெரும்பாலும் அவர்களுக்குப் புரியும். பில்லில் சந்தேகம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை கேளுங்கள். ஆனால் கட்டாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் மனதுக்குள் வைத்திருக்கும் சந்தேகம், ஏணியோடு வருகிற லைன்மேனுக்குத் தெரியாது.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கடைசி பில்லை எடுங்கள். அதில் உள்ள இப்போதைய ரீடிங்கோடு 500-ஐக் கூட்டுங்கள். 14,724 என்றால் 15,224. அந்த எண்ணைக் காகிதத்தில் பெரிதாக எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டு மாத பில்லுக்கு அதுதான் உங்கள் கோடு. முதல் மாதம் முடியும்போது மீட்டரைப் பாருங்கள். 14,974-ஐத் தாண்டியிருந்தால் கையை இறுக்க உங்களுக்கு இன்னும் முப்பது நாள் இருக்கிறது. ஏசியை 26-இல் வையுங்கள், கீசரைக் குளித்ததும் அணையுங்கள், துணி துவைப்பதைக் காலைக்கு மாற்றுங்கள். அடுத்த ரீடிங் எடுக்க ஆள் வந்து போன அன்றைக்கே, மீட்டர் திரையையும் பில் சீட்டையும் சேர்த்து நீங்களே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புது எண்ணை எழுதி ஒட்டுங்கள்.